நூல் மில்லில் ஸ்டேட்மென்ட் கேட்டேன், ஒரே ஒரு தொகை மட்டும் வந்தது: மார்ச் 31-க்குள் கணக்கை எப்படி ஒத்துப் பார்ப்பது?

பனியன்கணக்கு | மார்ச் 4, 2025, காலை 10.42

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். போன வருட விற்றுமுதல் 14 கோடிக்குக் கொஞ்சம் மேல். வேடசந்தூர் பக்கம் உள்ள ஒரு நூல் மில்லில்தான் பெரும்பாலான நூல் வாங்குகிறோம், ஏஜென்ட் மூலமாக.

பிப்ரவரி 28 அன்று எங்கள் டேலியில் அந்த மில்லுக்குத் தர வேண்டிய பாக்கி ரூ.18,42,350. ஆண்டு முடிவதற்குள் ஒத்துப் பார்த்துவிடலாம் என்று மில்லுக்குப் போன் போட்டு ஸ்டேட்மென்ட் கேட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரே வரி வந்தது: "உங்கள் பாக்கி 20,84,186." அவ்வளவுதான். வித்தியாசம் 2,41,836. மறுபடி கேட்டால் "மார்ச் மாசம் சார், பார்த்து அனுப்புறோம்" என்கிறார்கள்.

என்ன கேட்டால், எப்படிக் கேட்டால் உருப்படியாக ஒன்று வரும்? முதலாளி "நம்ம கணக்கு சரியா இருக்கில்ல, விடு" என்கிறார். ஆடிட்டர் விட மாட்டார்.

---

கோவை_வாசி88 | மார்ச் 4, காலை 11.05

நெட்பேங்கிங்கில் போய் ஏப்ரல் 1 முதல் தேதி கொடுத்தால் ஸ்டேட்மென்ட் பிடிஎஃப் ஆகவே இறங்குமே. யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

---

பனியன்கணக்கு | மார்ச் 4, காலை 11.09

அது பேங்க் ஸ்டேட்மென்ட்ங்க. நான் கேட்பது மில்காரர் அவருடைய புத்தகத்தில் எங்கள் பெயரில் வைத்திருக்கும் கணக்கு.

---

ஆர்ட்டிகிள்_பையன் | மார்ச் 4, பகல் 12.20

நான் ஆடிட் ஆபீசில் ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருக்கிறேன். இதற்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? உங்கள் லெட்ஜரைப் பிரின்ட் எடுத்து, கீழே "இந்தப் பாக்கி சரி, 7 நாளில் பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கருதுவோம்" என்று போட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிடுங்கள். பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் முடிந்தது. எங்கள் கிளையன்ட் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள்.

---

பழைய_டேபுக் | மார்ச் 4, மதியம் 2.48

தம்பி, நீங்கள் சொல்வது வேறு காகிதம். பாக்கி எவ்வளவு என்று உறுதி கேட்கும் கடிதத்தை ஆடிட்டரே தன் கையால் அனுப்பி, பதிலும் நேராகத் தன்னிடமே வரும்படி வாங்க வேண்டும். கம்பெனி அனுப்பி கம்பெனியே வாங்கி வைத்த பதிலுக்கு ஆடிட்டில் அவ்வளவு மதிப்பு இல்லை. பதில் வராததை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வது இன்னும் பலவீனம். அதுவும் இங்கே 2.41 லட்சம் வித்தியாசம் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. மில்காரர் ஏற்கெனவே வேறு தொகை எழுதி அனுப்பிவிட்டார், அதற்குப் பிறகு அவர் மௌனம் சம்மதம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

இன்னொன்று. சப்ளையர் கணக்கில் பயப்பட வேண்டியது நம் புத்தகத்தில் இல்லாத பில்லுக்குத்தான். நம் லெட்ஜரை அனுப்பி "சரியா" என்று கேட்டால் எதிர்ப்பக்கம் கணக்குப் பார்ப்பவர் கடைசி வரியை மட்டும் பார்ப்பார், அல்லது அதையும் பார்க்காமல் சீல் வைப்பார். அவருடைய லெட்ஜரை முதலில் வாங்க வேண்டும். நம்முடையதைக் காட்டாமல் கேட்பதுதான் நல்லது.

பனியன்கணக்கு, நீங்கள் "ஸ்டேட்மென்ட் அனுப்புங்க" என்று பொதுவாகக் கேட்டதால் கடைசித் தொகை மட்டும் வந்தது. கேட்கும்போது இவ்வளவும் சொல்லுங்கள்: உங்கள் கம்பெனியின் முழுப் பெயர், ஜிஎஸ்டி எண், 1.4.2024 முதல் 28.2.2025 வரை என்ற தேதி, ஆரம்ப இருப்போடு சேர்த்து. பில் நம்பர், பில் தேதி, வரவு வந்த தேதி, டெபிட் நோட், கிரெடிட் நோட் எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். கூடவே எந்தெந்த பில் நிலுவையில் நிற்கிறது என்ற பட்டியல். எக்ஸெல்லில் கொடுக்கச் சொல்லுங்கள், பிடிஎஃப் மட்டும் வந்தால் உங்கள் கண்தான் போகும்.

ஒரே தடவையில் மார்ச் 31 வரைக்கும் கேட்காதீர்கள். இப்போது பிப்ரவரி முடிய வாங்கித் தகராறுகளைத் தீர்த்துவிட்டு, ஏப்ரல் முதல் வாரம் மார்ச் மாதத்துக்கு மட்டும் இன்னொன்று வாங்கினால் போதும். அந்த ஒரு மாதத்தில் பத்துப் பதினைந்து வரிதான் இருக்கும். இந்த வருடம் 30 ஞாயிறு, 31 திங்கள் ரம்ஜான் வரும்போல இருக்கிறது. ஆகவே மார்ச் 28-க்குப் பிறகு யாரையும் பிடிக்க முடியாது.

---

கோன்வைண்டிங் | மார்ச் 4, மாலை 6.15

நான் எதிர்ப்பக்கம். ஒரு ஸ்பின்னிங் மில்லில் வசூல் கணக்கு பார்க்கிறேன் (பனியன்கணக்கு சொல்லும் மில் இல்லை).

ஏன் அனுப்புவதில்லை என்று சொல்லட்டுமா? மார்ச்சில் எங்களுக்கு தினமும் இருபது முப்பது பேர் "ஸ்டேட்மென்ட் ப்ளீஸ்" என்று அனுப்புகிறார்கள். பாதிப் பேர் கம்பெனி பெயர்கூடப் போடுவதில்லை. திருப்பூரில் ஒரே பெயரில் மூன்று கார்மென்ட்ஸ் இருக்கும், ஜிஎஸ்டி எண் இல்லாமல் எந்த லெட்ஜரை எடுப்பது? விவரமாக வரும் மெயிலுக்கு முதலில் பதில் போகும், ஏனென்றால் அதற்கு இரண்டு நிமிட வேலைதான். எங்களிடமும் டேலிதான். `Display More Reports > Account Books > Ledger` போய், Alt+F2-வில் தேதி கொடுத்து, எக்ஸ்போர்ட் செய்தால் முடிந்தது. கேட்கும்போதே இதை எழுதிவிட்டால் புதிதாக வந்த பையன்கூட அனுப்பிவிடுவான்.

இன்னொரு காரணம் சொன்னால் கோபப்படக் கூடாது. எங்களிடமே சில வரவு எந்த பில்லுக்கு என்று தெரியாமல் கணக்கில் சும்மா நிற்கும். அதைச் சரிசெய்யாமல் லெட்ஜரை வெளியே விட அக்கவுண்ட்ஸ் மேனேஜர் யோசிப்பார். அதனால் விற்பனை ஆளிடமோ ஏஜென்டிடமோ கேட்காமல், நேராக அக்கவுண்ட்ஸ் மெயிலுக்கு எழுதி ஏஜென்டுக்கு நகல் போடுங்கள். ஏஜென்டிடம் மட்டும் சொன்னால் அவர் "சொல்லிட்டேங்க" என்பார், அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

---

பனியன்கணக்கு | மார்ச் 5, காலை 9.30

நன்றி இருவருக்கும். இப்படி எழுதி மெயில் போட்டுவிட்டு அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன்:

> அன்புள்ள அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு,
> எங்கள் நிறுவனத்தின் பெயர், ஜிஎஸ்டி எண் கீழே உள்ளன. ஆண்டு முடிவுக்கு முன் இரு தரப்புக் கணக்கையும் ஒத்துப் பார்க்க வேண்டியுள்ளது. தங்கள் புத்தகத்தில் எங்கள் பெயரில் உள்ள லெட்ஜரை 1.4.2024 ஆரம்ப இருப்பு முதல் 28.2.2025 வரை எக்ஸெல்லில் அனுப்பவும். பில் வாரியான நிலுவைப் பட்டியலும் தேவை. இந்த ஆண்டு எங்கள் பெயரில் போட்ட டெபிட் நோட், கிரெடிட் நோட் நகல்களையும் இணைக்கவும்.
> மார்ச் 10-க்குள் கிடைத்தால் வித்தியாசம் இருப்பின் 15-க்குள் எழுதி அனுப்புகிறோம். நிலுவையில் உள்ள பில்களுக்கான பணத்தை அதன் பிறகு தாமதமின்றி அனுப்ப வசதியாக இருக்கும்.

கடைசி வரி முதலாளி சொல்லிச் சேர்த்தது.

---

கோன்வைண்டிங் | மார்ச் 5, காலை 9.52

உங்கள் முதலாளி கெட்டிக்காரர். அந்தக் கடைசி வரியைப் பார்த்தால் எங்கள் ஆபீசில் அன்றைக்கே லெட்ஜர் போய்விடும்.

---

மஞ்சள்மண்டி | மார்ச் 6, இரவு 9.11

எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. ஈரோட்டில் மசாலா பேக்கிங். பிளாஸ்டிக் கவர் சப்ளையருக்கு நான் 62,000 தர வேண்டும் என்று என் கணக்கு சொல்கிறது. அவரோ 47,000-தான் என்கிறார். குறைவாகச் சொல்கிறாரே, கேட்காமல் அதைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாமா? மீதி 15,000 லாபம்தானே?

---

பழைய_டேபுக் | மார்ச் 6, இரவு 10.02

மஞ்சள்மண்டி, அவர் உங்களுக்கு ரேட் வித்தியாசத்துக்கோ வருட ஸ்கீமுக்கோ கிரெடிட் நோட் போட்டிருப்பார், அது உங்கள் கைக்கு வந்திருக்காது. ஜிஎஸ்டி போர்ட்டலில் 2பி-யைத் திறந்து கிரெடிட் நோட் பகுதியைப் பாருங்கள். வரியோடு போட்டிருந்தால் அந்த வரி அளவுக்கு நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். அதனால் முழுதும் லாபம் என்று நினைக்க வேண்டாம். 2பி-யில் ஒன்றும் இல்லையென்றால் ஒரு பில்லை நீங்கள் இரண்டு தடவை ஏற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். தனி இழை போட்டால் விரிவாகப் பேசலாம்.

---

பனியன்கணக்கு | மார்ச் 11, மாலை 4.20

லெட்ஜர் வந்துவிட்டது, எக்ஸெல்லில்.

முதலில் ஒரு தொல்லை. அவர்கள் பில் நம்பர் `SM/24-25/0412` என்று இருக்கிறது, நாங்கள் 412 என்று மட்டும் ஏற்றியிருக்கிறோம். தேடினால் ஒன்றும் பொருந்தவில்லை. அவர்கள் ஷீட்டில் ஒரு காலம் சேர்த்து இதைப் போட்டேன், சரியாகிவிட்டது:

```
=VALUE(RIGHT(B2,4))
```

பொருந்தியவற்றை எல்லாம் நீக்கிவிட்ட பிறகு மிஞ்சியவை இவை.

பிப்ரவரி 27 தேதியிட்ட ஒரு பில், 10 பேக், 600 கிலோ, கிலோ 265. ஜிஎஸ்டி 5 சதவீதத்தோடு 1,66,950. லோடு எங்களுக்கு மார்ச் 3 அன்றுதான் வந்தது, அதனால் நாங்கள் மார்ச்சில் ஏற்றினோம்.

டிசம்பரில் 2 பேக் நூலைத் திருப்பி அனுப்பினோம், துணியில் பட்டை விழுந்தது. டெபிட் நோட் 33,390. அவர்கள் லெட்ஜரில் அப்படி ஒரு வரியே இல்லை.

டிடிஎஸ் 8,240. ஆண்டுக் கொள்முதல் வரி நீங்கலாக 1,32,40,000. அதில் 50 லட்சத்துக்கு மேல் உள்ளதற்கு 0.1 சதவீதம் பிடித்துக் கட்டியிருக்கிறோம். அவர்கள் வரவு வைக்கவில்லை.

சீக்கிரம் பணம் கொடுத்ததற்கான 1 சதவீதத் தள்ளுபடி 14,820. நாங்கள் கழித்துக்கொண்டு அனுப்பினோம், அவர்கள் ஏற்கவில்லை.

எல்லாம் கூட்டினால் 2,23,400 வருகிறது. மொத்த வித்தியாசம் 2,41,836. இன்னும் 18,436 எங்கே என்று தெரியவில்லை. இந்த வருட வரிகள் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

---

ஆர்ட்டிகிள்_பையன் | மார்ச் 11, மாலை 5.03

சின்னத் தொகைதானே, ரவுண்ட் ஆஃப் கணக்கிலோ இதர செலவிலோ தள்ளிவிடலாம். 20 லட்சத்தில் 18 ஆயிரம் 1 சதவீதம்கூட இல்லை.

---

பழைய_டேபுக் | மார்ச் 11, மாலை 5.40

தள்ளக் கூடாது. ஒரு லட்சம் கூடுதலாகவும் 82 ஆயிரம் குறைவாகவும் இரண்டு தவறு சேர்ந்தாலும் மிச்சம் 18 ஆயிரம்தான் தெரியும். காரணம் தெரிந்த பிறகு சின்னது பெரியது பேசலாம்.

பனியன்கணக்கு, இந்த வருட வரிகளைப் பார்த்தீர்கள், சரி. ஆரம்ப இருப்பைப் பார்த்தீர்களா? 1.4.2024 அன்று அவர்கள் தொகையும் உங்கள் தொகையும் ஒன்றா?

அப்புறம், 18,436-ஐ 1.05-ஆல் வகுத்துப் பாருங்கள். 17,558 வருகிறது. அதற்கு 5 சதவீதம் 877.90. கூட்டி ரவுண்ட் செய்தால் சரியாக 18,436. வரியோடு போட்ட டெபிட் நோட் மாதிரித் தெரிகிறது. பணம் தாமதமானதற்கு வட்டி போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். தாமத வட்டியும் சரக்கின் மதிப்போடு சேர்ந்ததுதான் என்பதால் நூலுக்கு உள்ள அதே 5 சதவீதம் அதற்கும் போடுவார்கள்.

---

பனியன்கணக்கு | மார்ச் 12, காலை 11.15

அப்படியே இருக்கிறது! ஆரம்ப இருப்பிலேயே 18,436 வித்தியாசம். மில்லில் கேட்டேன், 2024 மார்ச் 30 தேதியில் வட்டி டெபிட் நோட் என்றார்கள். எங்களுக்கு அப்படி ஒரு காகிதமே வரவில்லை. போர்ட்டலில் அந்த மாத 2பி-யைத் திறந்தால் டெபிட் நோட் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது.

முதலாளி "வட்டி பேசவே இல்லை, தர முடியாது" என்கிறார். ஏற்றுக்கொண்டால் அந்த 878 ரூபாய் வரியையாவது எடுத்துக்கொள்ளலாமா?

---

பழைய_டேபுக் | மார்ச் 12, மதியம் 1.30

எடுக்க முடியாது. அது 2023-24 ஆண்டு டெபிட் நோட். அதன் உள்ளீட்டு வரியை 2024 நவம்பர் 30-க்குள் எடுத்திருக்க வேண்டும், தாண்டிவிட்டது. ஆகவே இப்போது ஒப்புக்கொண்டால் 18,436-ம் உங்கள் செலவு.

தர வேண்டுமா வேண்டாமா என்பது பில்லின் அடியில் என்ன அச்சடித்திருக்கிறது, ஆர்டர் போடும்போது என்ன எழுதிக்கொண்டீர்கள் என்பதைப் பொறுத்தது. அதை நான் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கணக்கில் "தகராறில் உள்ளது" என்று குறித்துவைத்து ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

மற்ற நான்கில் மூன்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

லாரியில் இருந்த சரக்கு: பிப்ரவரிக்கு இது வெறும் தேதி வித்தியாசம், மார்ச்சில் தானாகச் சரியாகிவிடும். ஆனால் இதே கதை மார்ச் 29-ல் பில் போட்டு ஏப்ரல் 2-ல் வரும் லோடுக்கும் நடக்கும், அங்கேதான் கவனம். மில் வாசலிலேயே சரக்கு உங்களுடையது, லாரி வாடகையும் இன்சூரன்சும் உங்கள் செலவு என்றால், மார்ச் 31 அன்று அது வழியில் உள்ள உங்கள் ஸ்டாக். கொள்முதலையும் ஏற்ற வேண்டும், ஸ்டாக்கிலும் காட்ட வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் லாபம் தப்பாக வரும். உள்ளீட்டு வரியை மட்டும் சரக்கு கைக்கு வந்த மாதத்தில் எடுங்கள். உங்கள் குடோனில் வந்து இறக்கித் தரும் பேச்சு என்றால் ஏப்ரலில் ஏற்றினால் போதும், அந்த பில்லை ஒத்துப்பார்க்கும் தாளில் காரணத்தோடு எழுதினால் சரி.

திருப்பி அனுப்பிய நூல்: நீங்கள் டெபிட் நோட் போட்டதால் மட்டும் மில்லின் விற்பனை குறையாது. ஜிஎஸ்டி கிரெடிட் நோட்டை மில்தான் போட வேண்டும். மில்லுக்கு அதற்குக் காலக்கெடு 2025 நவம்பர் 30 வரை இருக்கிறது, ஆனாலும் மார்ச்சுக்குள் வாங்கிவிடுங்கள். திருப்பி அனுப்பிய டெலிவரி சலான், அவர்கள் குடோனில் பெற்றுக்கொண்ட சீல் இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். சலானில் சீல் இல்லையென்றால் "அந்த இரண்டு பேக் இங்கே வரவே இல்லை" என்பதில்தான் போய் நிற்கும்.

டிடிஎஸ்: டிசம்பர் வரைக்குமான ரிட்டர்ன் ஜனவரி 31-க்குள் போட்டிருப்பீர்கள், ஆகவே அது மில்லின் 26ஏஎஸ்-ல் தெரியும். படிவம் 16ஏ-வை இணைத்து அனுப்பினால் வரவு வைத்துவிடுவார்கள். ஜனவரி முதல் பிடித்தது மே மாத ரிட்டர்னுக்குப் பிறகுதான் அவர்களுக்குத் தெரியும். அதுவரை மில்காரர் அதைப் பாக்கி என்றே சொல்லலாம், சண்டை போட வேண்டாம்.

---

கோன்வைண்டிங் | மார்ச் 12, மாலை 6.44

தள்ளுபடி பற்றி நான் சொல்கிறேன், எங்களுக்கும் எல்லா வருடமும் இதே பஞ்சாயத்துதான். நாள் கணக்கை நாங்கள் பில் தேதியிலிருந்து எண்ணுவோம், வாங்குபவர் லோடு இறங்கிய தேதியிலிருந்து எண்ணுவார். இடையில் ஏஜென்ட் இரண்டு பக்கமும் "ஆகட்டுங்க" என்று தலையாட்டியிருப்பார். எந்தெந்த பில்லுக்குக் கழித்தீர்கள், பில் தேதி, லோடு வந்த தேதி, ஆர்டிஜிஎஸ் போன தேதி நான்கையும் ஒரு அட்டவணையாகப் போட்டு அனுப்புங்கள். வெறும் 14,820 என்று ஒரே தொகையாகக் கேட்டால் மேனேஜர் மொத்தமாக மறுப்பார். பில் வாரியாகக் கேட்டால் பாதியாவது ஏற்பார்.

---

ஆர்ட்டிகிள்_பையன் | மார்ச் 13, காலை 10.08

எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். 43பி(எச்). எந்த சப்ளையராக இருந்தாலும் 45 நாளுக்குள் கொடுக்காத பாக்கி மார்ச் 31 அன்று இருந்தால் செலவாக ஏற்கமாட்டார்கள். 18 லட்சமும் போச்சு.

---

பழைய_டேபுக் | மார்ச் 13, காலை 11.26

நல்ல நேரத்தில் ஞாபகப்படுத்தினீர்கள், ஆனால் "எந்த சப்ளையரும்" இல்லை. உத்யம் பதிவு உள்ள மைக்ரோ, ஸ்மால் நிறுவனங்களுக்கு மட்டும்தான். மீடியம் வந்தால் கிடையாது. வாங்கி விற்கும் வியாபாரிக்கும் கிடையாது, உற்பத்தியும் சேவையும் செய்பவர்களுக்குத்தான். அப்புறம், 45 நாள் என்பது எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் உச்ச வரம்பு. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான், அதைப் பலரும் மறக்கிறார்கள். கெடு தாண்டியதை ஏப்ரலில் கொடுத்தால் கொடுத்த வருடத்தில்தான் செலவு கிடைக்கும். ரிட்டர்ன் போடும் கடைசித் தேதிக்குள் கொடுத்தால் போதும் என்ற சலுகை இதற்கு இல்லை.

ஸ்டேட்மென்ட் கேட்கும் அதே மெயிலில் உத்யம் சான்றிதழையும் கேட்டுவிடுங்கள். பனியன்கணக்கு, உங்கள் மில் எந்த வகை?

---

பனியன்கணக்கு | மார்ச் 13, மதியம் 12.40

கேட்டேன், மீடியம் என்று சான்றிதழ் அனுப்பினார்கள். ஆனால் அட்டைப்பெட்டி, லேபிள், பாலிபேக் கொடுப்பவர்கள் எல்லாம் மைக்ரோ. அவர்களிடம் எழுத்தில் எதுவும் இல்லை.

மொத்தம் நாற்பது சப்ளையர் இருக்கிறார்கள். எல்லாரிடமும் கேட்க வேண்டுமா?

---

பழைய_டேபுக் | மார்ச் 13, மதியம் 2.15

எல்லாரையும் துரத்த நேரம் இருக்காது. அட்டைப்பெட்டி, லேபிள்காரர்களை முதலில் எடுங்கள், 15 நாள் கெடு அங்கேதான் ஓடுகிறது. அடுத்து வருடத்தில் அதிகம் வாங்கியவர்கள். இங்கே பாக்கித் தொகையைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள், வாங்கிய தொகையைப் பாருங்கள். உங்கள் லெட்ஜரில் பாக்கி பூஜ்யம் என்று காட்டும் பெரிய சப்ளையர்தான் ஆபத்து. அவருடைய இரண்டு பில் மெர்ச்சன்டைசர் மேஜையில் கிடந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

---

பனியன்கணக்கு | மார்ச் 20, மாலை 5.55

நிலவரம் சொல்கிறேன். திருப்பிய நூலுக்கு மில் கிரெடிட் நோட் போட்டுவிட்டது, சலானில் அவர்கள் செக்யூரிட்டி சீல் இருந்தது. டிடிஎஸ்-ல் டிசம்பர் வரைக்குமானதை வரவு வைத்துவிட்டார்கள். தள்ளுபடியில் பில் வாரியாக அட்டவணை அனுப்பினேன், 14,820-ல் 9,300 ஒப்புக்கொண்டார்கள். மீதிக்கு ஏஜென்ட் பேசிக்கொண்டிருக்கிறார்.

இப்போது புதிதாக ஒன்று. மில் தன்னுடைய தொகையைப் போட்டு, "மேற்கண்ட பாக்கியை உறுதி செய்கிறோம்" என்று எங்கள் முதலாளி கையெழுத்தும் சீலும் வைத்து அனுப்பச் சொல்கிறது. அந்த 18,436 வட்டியும் தொகைக்குள் இருக்கிறது. முதலாளி "கையெழுத்துதானே, போட்டுக் கொடு" என்கிறார்.

---

பழைய_டேபுக் | மார்ச் 20, இரவு 8.37

அப்படியே போடக் கூடாது. கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்துப் போட்டால் லிமிட்டேஷன் சட்டம் 18-ஆம் பிரிவுப்படி அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓட ஆரம்பிக்கும். கொடுக்க வேண்டிய பணத்துக்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் பேசாத வட்டியையும் சேர்த்து ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், நாளைக்கு அந்தக் காகிதத்தைத்தான் நீட்டுவார்கள்.

அவர்கள் தொகைக்கு அடியில் உங்கள் தொகையை எழுதுங்கள். வித்தியாசத்தை வரி வரியாகப் போடுங்கள்: வழியில் உள்ள சரக்கு இவ்வளவு, ஜனவரி முதல் டிடிஎஸ் இவ்வளவு, தள்ளுபடியில் மிச்சம் 5,520, 30.3.2024 வட்டி டெபிட் நோட் 18,436 ஏற்கவில்லை. "எங்கள் புத்தகப்படியான தொகையை மட்டும் உறுதி செய்கிறோம்" என்று எழுதி அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.

---

கோன்வைண்டிங் | மார்ச் 20, இரவு 9.20

இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. அப்படி எழுதி வந்த காகிதத்தை எங்கள் ஆடிட்டர் தாராளமாக ஏற்பார், அதில் சிக்கல் இல்லை. ஆனால் வட்டியை "ஏற்கவில்லை" என்று எழுதியதும் அடுத்த சீசனில் ரேட்டிலோ கடன் நாளிலோ மில் அதைக் காட்டும். வருடம் 1.3 கோடிக்கு நூல் வாங்குகிறவர் 18 ஆயிரத்துக்காக அந்த நிலைக்குப் போக வேண்டுமா என்று முதலாளிகள் இருவரும் ஒரு தடவை பேசிவிடுவது நல்லது. பாதி கொடுத்து, மீதிக்கு கிரெடிட் நோட் வாங்கி முடித்தவர்கள் நிறைய.

---

பழைய_டேபுக் | மார்ச் 20, இரவு 9.41

பேசட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மில் இப்போது போடும் கிரெடிட் நோட்டில் வரியைக் குறைக்க முடியாது, 2023-24-க்கான காலக்கெடு அவர்களுக்கும் நவம்பர் 30-லேயே முடிந்தது. வரி இல்லாத, வெறும் கணக்குக் கிரெடிட் நோட்டாகத்தான் போட முடியும். பேசும்போது அதையும் மனதில் வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

---

பனியன்கணக்கு | மார்ச் 27, காலை 10.30

எங்கள் தொகையை எழுதி, வித்தியாசப் பட்டியலோடு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டோம். மில் பெற்றுக்கொண்டதாக மெயில் வந்தது. அட்டைப்பெட்டிக்காரருக்கு 15 நாள் தாண்டிய பில்களை நேற்றே ஆர்டிஜிஎஸ்-ல் அனுப்பியாயிற்று. அவருடைய ஸ்டேட்மென்ட் கையால் எழுதிய நோட்டுப் பக்கத்தின் போட்டோ, அதில் எங்களிடம் இல்லாத ஒரு பில் இருந்தது. பழைய_டேபுக் சொன்னபடியே அது மெர்ச்சன்டைசர் மேஜையில் கிடைத்தது.

வட்டி விஷயம் அப்படியே நிற்கிறது. இரண்டு முதலாளிகளும் ஏப்ரலில் ஏஜென்ட் ஆபீசில் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. மார்ச் மாத லெட்ஜருக்கான மெயிலை இப்போதே எழுதி வைத்துவிட்டேன், ஏப்ரல் 2 காலையில் போகும்.